பிச்சிப்பூ வாசமும் என் கண்ணு இமையும்

எனக்கு எக்ஸிமா சின்ன வயசுலயே உண்டு, முழங்கை மடிப்புலயும் முழங்காலுக்குப் பின்னாடியும். எங்கம்மா வீடு தக்கலை பக்கம், அங்க எல்லாரும் கரப்பான்னுதான் சொல்லுவாங்க, கருவாடு திங்காத, கத்திரிக்கா திங்காதன்னு சொல்லிச் சொல்லி வளத்தாங்க, பத்தாங்கிளாஸ் வரும்போது அதுவாவே கொறஞ்சு போச்சு. அப்புறம் கல்யாணம் ஆகி தோவாளைக்கு வந்து, பிள்ளையும் பொறந்து, எனக்கு 29 வயசு இருக்கும்போது திரும்ப வந்திட்டு, இந்தத் தடவ முகத்துல. மொதல்ல மேல் இமை ரெண்டும், பிறகு வாயோரம், பிறகு தாடை. காலையில எந்திரிச்சு கண்ணாடி பாத்தா இமைத் தோலு சின்ன வெங்காயத் தோலு மாதிரி சுருங்கி, காஞ்சு, செவந்து இருக்கும், கண்ணை இறுக்கி மூடினா வெடிச்ச எடத்துல சுருக்குன்னு எரியும். இப்பம் எனக்கு 34. இந்த 5 வருசத்துல நான் தெரிஞ்சுகிட்டதுல பெரும்பாலானது ஒரே விசயம்தான், அது வாசனை. அதைத்தான் எழுதப் போறேன், ஏன்னா இது எனக்கு மொதல் வருசமே தெரிஞ்சிருந்தா நெறைய வேதனை கொறஞ்சிருக்கும்.

மொதல்ல நான் பண்ணின பெரிய தப்பைச் சொல்லிருதேன். முகத்துல வந்ததும் டாக்டர்கிட்ட போகல, பக்கத்துல இருந்த மெடிக்கல்ல முகத்தைக் காட்டினேன், ஒரு சின்ன டியூப் குடுத்தாங்க. ஸ்டீராய்டு, பூஞ்சைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து எல்லாம் ஒண்ணா கலந்த க்ரீம். மூணே நாள்ல முகம் பளபளன்னு ஆயிட்டு, எனக்கு சந்தோசம் தாங்கல, அப்புறம் 4 மாசம் அதையே விட்டு விட்டு போட்டேன். ஒவ்வொரு தடவ நிறுத்தும்போதும் முன்னால இருந்ததை விட மோசமா வந்தது, கடைசியில வாயச் சுத்தி சின்னச் சின்ன செவப்புப் பருவா வந்து, வெயில்ல நடந்தா முகம் தீ மாதிரி எரிஞ்சது. தோல் டாக்டர் அந்த டியூப்பை பாத்த உடனே இதுல இருக்குற ஸ்டீராய்டு முகத்துக்கே ஆகாத அளவுக்கு பலமானதும்மான்னு சொன்னாங்க. இமைத் தோலுதான் உடம்புலயே ரொம்ப மெலிசு, அதுல பலமான ஸ்டீராய்டு போட்டா இன்னும் மெலிஞ்சு போவும், கண்ணுக்கும் கெடுதி வரலாம். அந்த எரிச்சல் அடங்கவே கிட்டத்தட்ட 3 மாசம் ஆச்சு. ஸ்டீராய்டே கூடாதுன்னு நான் சொல்ல வரல, டாக்டர் பாத்து பலம் கொறஞ்சதை எத்தன நாள்னு கணக்கா எழுதித் தந்தா அது வேற. கடையில கேட்டு வாங்கிப் போடுறதுதான் கூடாது. எனக்கு அவங்க எழுதினது டாக்ரோலிமஸ்னு ஒரு ஆயின்மென்ட், அது ஸ்டீராய்டு இல்ல. மொத ஒரு வாரம் போட்ட எடம் சூடா எரியும், பயந்து நிறுத்திராத, பைய கொறஞ்சிரும்னு முன்னாடியே சொல்லித் தந்ததாலதான் நான் தாக்குப் பிடிச்சேன்.

மருந்து எழுதினதோட அவங்க இன்னொண்ணும் சொன்னாங்க, மருந்து கொஞ்ச நாளைக்குத்தான், மாய்ஸ்சரைசர் எப்பவும் போடணும், ஆனா வாசனை இல்லாததா பாத்து வாங்குன்னு. நான் சரின்னு தலையாட்டிட்டு நாகர்கோவில்ல பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு பேபி லோஷன் வாங்கிட்டு வந்தேன். பச்சப் பிள்ளைக்குப் போடுறது, அதை விட சாதுவா என்ன இருக்கப் போகுதுன்னு நெனச்சேன். மூடியைத் தொறந்தாலே அந்த பேபி பவுடர் வாசம் வரும், அந்த வாசமே சேத்த வாசனைன்னு எனக்கு அப்பம் தோணவே இல்ல. பிள்ளைங்களுக்குன்னு போட்டிருந்தா சென்ட் கலக்க மாட்டாங்கன்னு நம்பாதீங்க. அடுத்தது கத்தாழையும் பாதாமும் போட்ட இயற்கை க்ரீம், பின்னாடி பாத்தா லாவெண்டர் எண்ணெய், ஆரஞ்சுத் தோலு எண்ணெய். இயற்கையா செடியில இருந்து எடுத்த வாசனையும் தோலுக்கு வாசனைதான், லேப்ல செஞ்சதா பூவுல இருந்து பிழிஞ்சதான்னு தோலு பாக்காது.

மூணாவது வாங்கினதுலதான் நான் சரியா ஏமாந்தேன். முன்னாடி பெருசா அன்சென்டட்னு போட்டிருந்தது, மோந்து பாத்தேன், ஒண்ணுமே இல்ல, இதுதான்னு 2 மாசம் போட்டேன், இமை அப்படியே இருந்தது. அடுத்த தடவ டாக்டர் அந்த டப்பாவைத் திருப்பி, பேனா முனையால ஒரு வார்த்தையைத் தொட்டுக் காட்டினாங்க, பொடி எழுத்துல கடைசிக்கு ரெண்டு வார்த்தை முன்னாடி ஃப்ராக்ரன்ஸ்னு இருந்தது. அன்சென்டட்னா வாசம் வராதுன்னுதான் அர்த்தம், வாசனைப் பொருள் இல்லன்னு அர்த்தம் இல்ல. க்ரீம்ல இருக்குற மெழுகு, எண்ணெய் இதுக்கெல்லாம் ஒரு பச்சை வாடை உண்டு, அதை அமுக்குறதுக்கு கொஞ்சம் வாசனைப் பொருளைக் கலப்பாங்க, நம்ம மூக்குக்கு ஒண்ணும் தெரியாது, தோலுக்குத் தெரியும். ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீன்னு போட்டிருக்கணும், போட்டிருந்தாலும் பின்னாடி திருப்பிப் பாக்கணும்.

பின்னாடி எதைப் பாக்கணும்னா, ஃப்ராக்ரன்ஸ், பர்ஃப்யூம், பார்ஃபம், அரோமா இந்த நாலும் ஒண்ணுதான், இதுல எது இருந்தாலும் திரும்ப ஷெல்ஃப்லயே வச்சிருவேன். அப்புறம் வாசனையோட உள்பேருங்க தனியா போட்டிருக்கும், லினலூல், லிமோனீன், ஜெரானியால், சிட்ரோனெல்லால், யூஜினால், இதெல்லாம் பாத்தா அதுவும் வேண்டாம். பேரு தெரியாத செடி எண்ணெய் எதுவும் முகத்துக்கு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். ஹைபோஅலர்ஜெனிக், டெர்மட்டாலஜிஸ்ட் டெஸ்டட், சென்சிட்டிவ் ஸ்கின்னு முன்பக்கம் எழுதியிருக்குறதை நான் இப்பம் படிக்கிறதே இல்ல, அதை வச்சு உள்ள வாசனை இல்லன்னு சொல்ல முடியாது. இருக்க வேண்டியது எளிசுதான், தண்ணியப் பிடிச்சு வைக்க கிளிசரின், அந்தத் தண்ணி ஆவியா போகாம மேல மூடுறதுக்கு பெட்ரோலேட்டம் இல்லன்னா லிக்விட் பாரஃபின் இல்லன்னா டைமெத்திகோன், தோலோட செங்கல் நடுவுல இருக்குற சாந்து மாதிரி செராமைடு. செராமைடு இருந்தா கொள்ளாம், இல்லாததும் வேலை செய்யும், நான் பாத்தவரைக்கும் விலை கூடுனதுக்கும் தோலுக்கு ஒத்துக்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல. யூரியா இருக்குற க்ரீம் கால் வெடிப்புக்கு நல்லது, ஆனா வெடிச்ச இமையில போட்டா தாங்க முடியாத எரிச்சல், முகத்துக்கு வேண்டாம்.

நம்ம ஊரு வேர்வையில கெட்டியான ஆயின்மென்டை பகல்ல முகத்துல போட்டா அடைஞ்சு, வேர்க்குரு மாதிரி பொரிஞ்சு, அதுவே அரிப்பாகுது. அதனால பகலுக்கு க்ரீம், ராத்திரி இமைக்கும் வாயோரத்துக்கும் மட்டும் வாசனை இல்லாத வெறும் வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி ஒரு அரிசி அளவு. இமைக்கு என்ன போடலாம்னு கேக்குறவங்களுக்கு நான் மொதல்ல சொல்றது இந்த ஜெல்லியத்தான், அதுல கலக்குறதுக்கு வேற ஒண்ணும் இல்ல, ஒவ்வாமை வர்றது ரொம்ப அபூர்வம்.

அளவுலயும் ஒரு தப்பு பண்ணிட்டிருந்தேன். 50 கிராம் டியூப் எனக்கு 3 மாசம் வந்தது, சிக்கனமா இருக்கோம்னு பெருமையா நெனச்சிட்டிருந்தேன். ஆள்காட்டி விரல் நுனியில இருந்து மொத ரேகை வரைக்கும் டியூப்ல இருந்து பிதுக்கினா அது கிட்டத்தட்ட அரை கிராம், முகம் கழுத்து ரெண்டுக்கும் சேத்து அந்த மாதிரி ரெண்டரை வேணும், அதாவது ஒண்ணேகால் கிராம். ஒரு நாளைக்கு 2 தடவைன்னா ரெண்டரை கிராம், 50 கிராம் டியூப் 20 நாள்ல தீரணும். எனக்கு 90 நாள் வந்ததுன்னா நான் போட வேண்டியதுல கால்பங்கு கூட போடலன்னு அர்த்தம். அதனால இப்பம் விலை கூடின சின்ன டியூப் வாங்குறதில்ல, பம்ப் வச்ச பெரிய பாட்டில், விரல் விட்டு எடுக்குற டப்பாவும் வேண்டாம், ஈர விரல் உள்ள போயிப் போயி அழுக்காகும்.

முகம் கழுவுறது ராத்திரி ஒரு தடவதான் கிளென்சர் போட்டு, அதுவும் நுரை வராத வாசனை இல்லாத வகை, காலையில வெறும் தண்ணி. குளியல் சோப்பு தோலை விட ரொம்ப காரத்தன்மை, கழுவினதும் முகம் இறுகுற மாதிரி இருக்கும்ல, அது சுத்தம் இல்ல, வறட்சி. கடலை மாவு, பயத்தம் மாவு போட்டுத் தேய்க்கிறதும் எக்ஸிமா முகத்துக்கு ஆகாது, அந்தப் பொடியே உரசல்தான். பச்சத் தண்ணி, இல்ல வெதுவெதுன்னு, ஆவி பறக்குற தண்ணி வேண்டாம். துண்டால ஒத்தி எடுத்துட்டு, ஈரம் முழுசா காயுறதுக்குள்ள, ஒரு 3 நிமிசத்துக்குள்ள க்ரீம். மருந்து போடுற நாள்ல மருந்துக்கும் க்ரீமுக்கும் நடுவுல ஒரு 20 நிமிசம் விடுவேன், இல்லன்னா ஒண்ணு மேல ஒண்ணு வழிஞ்சு மருந்து வேண்டாத எடத்துக்கெல்லாம் பரவும்.

இதெல்லாம் சரியா பண்ணினேன், பாதிதான் கொறஞ்சது. தாடை நல்லாச்சு, வாயோரம் நல்லாச்சு, இமை மட்டும் வந்துகிட்டே இருந்தது. க்ரீம்தான் ஒத்துக்கலயோன்னு நெனச்சு க்ரீமை மாத்தப் போன நேரத்துல டாக்டர் ஒரு நோட்டு போடச் சொன்னாங்க. பெருசா ஒண்ணும் எழுத வேண்டாம், தினமும் ராத்திரி இமைக்கு பூச்சியத்துல இருந்து 5 வரைக்கும் ஒரு மார்க்கு, அன்னைக்கு முகத்துக்கோ தலைக்கோ கைக்கோ என்னெல்லாம் போட்டேனோ அது, அவ்வளவுதான். நான் வேலை பாக்குற கடையில கணக்குதான் எழுதுறேன், அதனால எழுதுறது எனக்கு ஒரு பாடா தெரியல. மூணு வாரம் கழிச்சு பாத்தா மார்க்கு எறங்கி எறங்கி ஏறுது, ஏறுறது எல்லாம் வியாழக்கெழமையும் ஞாயித்துக்கெழமையும். 1, 1, 2, 4. பிறகு திரும்ப 2, 3, 4. வியாழனும் ஞாயிறும் நான் தனியா என்ன பண்றேன்னு யோசிச்சு யோசிச்சு பாத்தேன், ஒண்ணுமே இல்ல. வியாழன் கடைக்குப் போறேன், ஞாயிறு வீட்டுல இருக்கேன், சாப்பாடும் வேற வேற.

டாக்டர் நோட்டைப் பாத்துட்டு கேட்டது ஒரே கேள்வி, ரெண்டு நாள் முன்னாடி என்ன பண்ணினன்னு. செவ்வாயும் வெள்ளியும் நான் எண்ணெய் தேச்சுக் குளிக்கிற நாள்.

இதை அவங்க வெளக்கினது எனக்கு மனசுல அப்படியே நிக்குது. எரிச்சல் வேற, ஒவ்வாமை வேற. தோலுக்கு காரமான எதையாவது போட்டா போட்ட நிமிசமே எரியும், கழுவினா அடங்கும். ஒவ்வாமை அப்படி இல்ல, உடம்பு அதை அடையாளம் கண்டு ஆளைக் கூட்டிட்டு வர ஒண்ணுல இருந்து மூணு நாள் ஆவும், போட்ட அன்னைக்கு ஒண்ணுமே தெரியாது. அதனாலதான் நாம எப்பவும் தப்பான ஆளைப் பிடிக்கிறோம், வியாழக்கெழமை அரிச்சா புதன் ராத்திரி தின்ன மீனைச் சொல்லுவோம். இன்னொண்ணு, தலைக்குப் போடுறது தலையில காட்டாது, மண்டைத் தோலு தடிமன், இமைதான் மெலிசு, வேர்வையில எறங்கி வர்ற எண்ணெயும் தலை அலசும்போது நெத்தி வழியா வர்ற ஷாம்பு நுரையும் இமையில வந்து நிக்கும். பிறகு அதே தலையோட தலையணையில சாஞ்சு படுக்கோம். நான் போட்டுக்கிட்டிருந்தது மல்லிகை வாசம் போட்ட தலை எண்ணெய், கல்யாணத்துக்கு முன்னாடியில இருந்தே.

எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினா எது காரணம்னு தெரியாமலே போயிரும், அதனால ஒண்ணொண்ணா, ஒவ்வொண்ணுக்கும் 2 வாரம். மொதல்ல துணி அலசும்போது போடுற கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் தண்ணியை நிறுத்தினேன், தலையணை உறையை தனியா துவைச்சேன், இமை மார்க்குல ஒரு வித்தியாசமும் இல்ல. அடுத்த 2 வாரம் தலை எண்ணெயை மட்டும் மாத்தி, மில்லுல ஆட்டின வெறும் தேங்காயெண்ணெய், வியாழன் மார்க்கு 4ல இருந்து 2க்கு எறங்கிச்சு. அடுத்து ஷாம்பு, வாசனை இல்லாததா ஒண்ணு தேடிப் பிடிச்சு, குனிஞ்சு முன்னாடி ஊத்துறதை நிறுத்திட்டு தலையைப் பின்னாடி சாச்சு அலசி, கடைசியில முகத்தையும் ஒரு தடவ பச்சத் தண்ணியில கழுவி. அந்த 2 வாரத்துல மொத வாரம் 1, ரெண்டாவது வாரம் பூச்சியம். 2 வருசத்துல இமைக்குப் பூச்சியம்னு நான் எழுதினது அதுதான் மொத தடவ, எழுதிட்டு ரொம்ப நேரம் அந்த நோட்டையே பாத்துட்டு இருந்தேன்.

அதுக்கு ஒரு மாசம் கழிச்சு ஒரு செவ்வாய், மில் எண்ணெய் தீந்துட்டு, ஒரு நாள்தானேன்னு மூலையில கெடந்த பழைய பாட்டில்ல இருந்து ஒரு ஸ்பூன் எண்ணெய் தேச்சேன். அன்னைக்கு ஒண்ணும் இல்ல. புதன் ஒண்ணும் இல்ல. வியாழன் விடியக்காலம் 4 மணிக்கு அரிப்புலயே எந்திரிச்சேன். அதுக்கு மேல எனக்கு சந்தேகம் இல்ல.

தேங்காயெண்ணெய் பத்தி சொல்லணும், நம்ம மாவட்டத்துல இதைச் சொல்லாம முடியாது. எங்கம்மா இப்பவும் முகத்துக்கும் தேங்காயெண்ணெய்தான் போடச் சொல்லுவாங்க. கலப்படமோ சென்ட்டோ இல்லாத நல்ல எண்ணெய் கை கால் வறட்சிக்கு ஒத்துக்கிடும், என் பிள்ளை காலுக்கு நானே போடுறேன். என் முகத்துக்கு அது சரிவரல, ரெண்டு வாரத்துல நெத்தியில பருவா வந்தது, அதோட எண்ணெய் மேல மூடுறதுக்கு உதவும், கிளிசரின் மாதிரி தண்ணியப் பிடிச்சு வைக்காது, காஞ்ச தோலு மேல தேச்சா காஞ்ச தோலு எண்ணெயா இருக்கும், அவ்வளவுதான். போடுறதா இருந்தா ஈரத்தோலு மேல போடுங்க. ஆலிவ் எண்ணெயை எக்ஸிமா தோலுக்குப் போடாதீங்க, அதுல கூடுதலா இருக்குற ஓலிக் அமிலம் தோலோட மேல்சுவரை எளக்கி விட்டுரும்.

அப்புறம் பேட்ச் டெஸ்ட், எந்தப் பொருள் தோலுக்கு ஒவ்வாமைன்னு கண்டுபிடிக்கிற டெஸ்டு. எல்லாருக்கும் இது வேண்டாம், வாசனையை நிறுத்தியும் அடங்காதவங்களுக்கும், எதுன்னு பேரோட தெரியணும்னு இருக்குறவங்களுக்கும்தான். நான் திருவனந்தபுரம் போயி எடுத்தேன். முதுகுல சின்னச் சின்ன குழியில ஒவ்வொரு பொருளையும் வச்சு பிளாஸ்டர் ஒட்டி விடுவாங்க, 2 நாள் முதுகுல தண்ணி படக்கூடாது, வேர்க்கக் கூடாது, பிளாஸ்டர் எளகினா டெஸ்டு வீண், அதனால நான் சித்திரை வெயில்ல போகாம தை மாசத்துல போனேன். 2 நாள் கழிச்சு எடுத்துப் பாத்து, 4வது நாள் திரும்ப பாப்பாங்க, பிந்தி வர்றதும் உண்டுன்னு. முதுகுல ஸ்டீராய்டு க்ரீம் போட்டிருந்தாலோ ஸ்டீராய்டு மாத்திரை தின்னாலோ டெஸ்டு பொய் சொல்லும், முன்னாடியே டாக்டர்ட்ட சொல்லிரணும். எனக்கு வந்தது ஒண்ணே ஒண்ணு, ஃப்ராக்ரன்ஸ் மிக்ஸ், அதாவது வாசனைப் பொருள் சிலதை ஒண்ணா கலந்து வைக்கிறது. முதுகுல ஒரு நயா பைசா அளவுக்கு செவந்து தடிச்சு, பொடிக் கொப்புளத்தோட. அந்தப் பேரை எழுதி கையில ஒரு அட்டை தந்தாங்க, அதை பர்சுல வச்சிருக்கேன்.

அந்த அட்டையோட வீட்டுக்கு வந்த அன்னைக்குத்தான் மனசு கனத்துப் போச்சு. தோவாளையில பொழுது விடியுறதே பூ மார்க்கெட்டுலதான், எங்க வீட்டுலயும் அத்தை பூ கட்டுறாங்க, ஈரச் சாக்கு விரிச்சு பிச்சியும் மல்லியும் கொட்டிக் கெடக்கும், நானும் ராத்திரி சாப்பிட்டுட்டு அவங்க கூட உக்காந்து கட்டுவேன், ஊர்க்கதை பூராவும் அந்த நேரத்துலதான். டப்பாவுக்குப் பின்னாடி பாத்து ஒதுக்குற லினலூல் மல்லிகை வாசத்துலயும் இருக்கு. பூ கட்டும்போது விரல் நுனி பச்சையா ஈரமா இருக்கும், பிச்சிக் காம்புச் சாறு ஒட்டியிருக்கும், தூக்கம் வரும்போது நாம அறியாம அந்தக் கையாலதான் கண்ணைக் கசக்குவோம்.

அத்தைகிட்ட எப்படிச் சொல்லன்னு 2 நாள் சொல்லாம இருந்தேன். பிறகு சொன்னேன். அவங்க நாரைக் கீழ வச்சுட்டு, "அப்பம் நீ இனி இங்க உக்கார வேண்டாம் மக்ளே, கண்ணுல்லா முக்கியம், பூவை நான் கெட்டிக்கிடுதேன்"ன்னாங்க. எனக்கு அழுகை வந்திட்டு. டாக்டர்ட்ட கேட்டப்பம் பக்கத்துல உக்காருறதால உனக்கு வரல, தொட்ட கை முகத்துக்குப் போறதுலதான் வருதுன்னு சொன்னாங்க. இது எனக்கு, வேற ஒருத்தருக்கு காத்துல வர்ற தூசியிலயே வரலாம், குறிப்பா செவ்வந்தி, கேந்தி, மரிக்கொழுந்து இந்த இனத்துச் செடிங்க கையாளுறவங்களுக்கு முகத்துலயும் இமையிலயும் கரப்பான் வர்றது உண்டு, அதுக்கு தனியா டெஸ்டு பண்ணனும். பூ வேலை பாக்குற வீட்டுல யாருக்காவது இமை செவந்துகிட்டே இருந்தா இதை டாக்டர்ட்ட கட்டாயம் சொல்லுங்க, அவங்களா கேட்டாத்தான் சொல்லணும்னு இல்ல. இப்பம் நான் உக்காருறேன், கட்டுறதில்ல, அத்தைக்கு நார் கிழிச்சுக் குடுப்பேன், எந்திரிக்கும்போது மணிக்கட்டு வரைக்கும் கழுவிட்டுத்தான் முகத்துப் பக்கம் கை போகும். பண்டிகைக்கு பூ வைக்கிறேன், கொண்டையில மேல, கழுத்திலயும் காதோரத்துலயும் படாத மாதிரி, படுக்கும் முன்னாடி எடுத்துருவேன்.

வாசனை போனதோட எல்லாம் போயிரல, அதையும் சொல்லணும். ஆனி ஆடியில ஆரல்வாய்மொழி கணவாய் வழியா அடிக்கிற காத்து, முப்பந்தல் காத்தாடி எல்லாம் சுத்துற காத்து, அது எங்க ஊரு வழியாத்தான் போகும், பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து நாகர்கோவில் போயி எறங்கும்போது கன்னம் மாவு பூசினது மாதிரி வெளுத்து இருக்கும். அந்த மாசங்கள்ல கெளம்புறதுக்கு கால்மணி நேரம் முன்னாடி க்ரீம், மேல கன்னத்துக்கு கொஞ்சம் ஜெல்லி, பருத்தி ஷாலால மூக்குக்கு கீழ சுத்திக்கிடுவேன், ஜன்னல் சீட்டு வேண்டாம். வேர்வையில உப்பு இருக்கு, அது வெடிச்ச தோலை அரிக்கும், கைக்குட்டையால தேய்க்காம ஒத்தி எடுப்பேன், கடையில மத்தியானம் வெறும் தண்ணியில முகத்தை அலசிட்டு திரும்ப க்ரீம். முகத்துக்கு டால்கம் பவுடர் போடுற பழக்கத்தை விட்டது எனக்கு கஷ்டமா இருந்தது, நம்ம ஊர்ல பவுடர் போடாம வெளிய எறங்கினா ஒடம்புக்கு முடியலயான்னு கேப்பாங்க, ஆனா அதுவும் வாசனைதான். தலைவலித் தைலமும் நெத்தியில இருந்து இமைக்குத்தான் வரும். சன்ஸ்க்ரீன் ஜிங்க் ஆக்சைடு வகையா, வாசனை இல்லாததா பாத்து, லேசா வெள்ளையா தெரியும், பரவாயில்ல.

இப்பமும் வருசத்துல ரெண்டு மூணு தடவ இமை லேசா செவக்கும். டாக்டர் சொன்னபடி எப்பவும் வர்ற அந்த எடத்துல மட்டும் வாரத்துக்கு 2 ராத்திரி டாக்ரோலிமஸ், அதோட அடங்கிருது. ஆனா மஞ்சளா பொருக்கு கட்டி நீர் வடிஞ்சா, இல்ல ஒரே மாதிரி குட்டிக் குட்டிக் கொப்புளம் கூட்டமா வந்து வலியும் காய்ச்சலும் இருந்தா க்ரீமை நம்பி வீட்டுல இருக்காதீங்க, கிருமியோ ஹெர்ப்பிஸ் வைரஸோ ஏறியிருக்கும், கண்ணுக்குப் பக்கத்துல அது ஆபத்து, அன்னைக்கே போங்க.

போன மாசம் நான் 3 வருசமா வாங்குற பாட்டில் புது டிசைன்ல வந்தது. முன்னாடி எல்லாம் அப்படியே, பழைய பாட்டிலையும் புதுசையும் பக்கத்துல வச்சு ஒவ்வொரு வார்த்தையா விரல் வச்சு ஒத்துப் பாத்தேன், ஒம்பதாவது எடத்துல ஒரு செடிச்சாறு புதுசா சேத்திருந்தாங்க. ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீன்னுதான் இப்பமும் போட்டிருக்கு. முகத்துல போடல. முழங்கை மடிப்புல ஒரு ரூபா நாணயம் அளவுக்கு காலையில ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ தேய்க்கிறேன், அதைக் கழுவாம விடுறேன், பத்து நாள் பாக்கணும், ரெண்டு மூணு நாள் போட்டு ஒண்ணும் வரலன்னு முகத்துக்குப் போயிரக் கூடாது. நேத்து ராத்திரி எட்டாவது நாள், என் பிள்ளை டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "அம்மா, செவப்பு இல்ல"ன்னு சொல்லிச்சு, நோட்டுல பூச்சியம் போட்டேன், இன்னும் ரெண்டு நாள் இருக்கு.